‘வழக்கப்படி திருத்தவும்’ என்ற கடிதமும் புதிய மெய்ப்புத் திருத்துநரும்

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு பதிப்பகம். எங்களுக்குப் பல ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். கனடாவில் வாழும் யாழ்ப்பாண எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பை மதுரையில் இருக்கும் புதியவர் ஒருவருக்கு அனுப்பி, ‘நம் வழக்கப்படி திருத்தி, வழக்கமான வடிவில் அனுப்பவும்’ என்று எழுதினோம். திரும்பி வந்த கோப்பில் எழுத்தாளரின் நடையே மாறியிருக்கிறது. எதை எதை மாற்றினார் என்று கண்டுபிடிக்க அடையாளமும் இல்லை. அவர் நன்றாகத் தமிழ் படித்தவர். பிழை எங்கே நேர்ந்தது? அடுத்த முறை எப்படி எழுதிக் கேட்க வேண்டும்?

பதில்:

அவர் நன்றாகத் தமிழ் படித்தவர் என்பதால்தான் இந்த அளவுக்கு மாறியிருக்கிறது. தமிழில் தடுமாறுகிற ஒருவரிடம் அந்தக் கோப்பு போயிருந்தால், சந்தேகம் வந்த இடங்களை அப்படியே விட்டிருப்பார், அல்லது தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருப்பார். தேர்ந்தவருக்கோ ‘வழக்கம்’ என்ற சொல்லைப் படித்தவுடனேயே ஒரு வழக்கம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அது அவர் பல ஆண்டுகளாகப் பழகிய அவருடைய வழக்கம். பாடநூலும் ஆய்வேடும் பார்த்துப் பழகியவருக்கு, பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்குவதும் திருத்தத்தின் ஒரு பகுதியே. உங்கள் கடிதத்தில் அதைத் தடுக்கும் சொல் ஒன்றும் இல்லை.

ஓய்வு பெற்ற பெரியவருக்கு அதே வாக்கியம் போதுமானதாக இருந்ததற்குக் காரணம், அவர் முதல் இரண்டு நூல்களைப் பார்த்த காலத்தில் நீங்கள் அவரிடம் சொன்னவையும், அவர் செய்ததை நீங்கள் மறுபடி மாற்றியதைக் கண்டு அவர் கற்றுக்கொண்டவையும் அவர் மனத்தில் சேர்ந்திருந்தன என்பதே. ‘வழக்கப்படி’ என்ற சொல் அவற்றை நினைவூட்டியது. புதியவரிடம் நினைவூட்டுவதற்கு ஒன்றும் சேர்ந்திருக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தில் ஹொரேஸ் ஹார்ட் தம் அச்சுக்கோப்பவர்களுக்கும் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கும் 1893இல் அச்சிட்டுக் கொடுத்த விதிகள் உள்ளாட்களுக்கென்றே எழுதப்பட்டவை. 1904இல்தான் அவை பொது விற்பனைக்கு வந்தன. சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் கையேடும் அங்கு நடைமுறையில் இருந்த விதிகளின் தொகுப்பாகத்தான் 1906இல் நூலாயிற்று. தமிழ்ப் பதிப்பகங்களில் பலவற்றுக்கு அப்படிப்பட்ட தாள் இன்றுவரை இல்லை; வழக்கம் ஓரிருவர் தலைக்குள் இருக்கிறது, அவர் போகும்போது அதுவும் போய்விடுகிறது. உங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

இப்போது எதை எழுத வேண்டும் என்பதற்கு வருகிறேன். எல்லாவற்றையும் எழுத முயன்றால் நாற்பது பக்கம் ஆகும், யாரும் படிக்க மாட்டார்கள். நான் பின்பற்றும் அளவுகோல் ஒன்றுதான். நன்றாகத் தமிழ் தெரிந்த இரண்டு பேரிடம் ஒரே பக்கத்தைக் கொடுத்தால், எந்த இடத்தில் அவர்கள் இருவரும் இரண்டு விதமாகச் செய்து, இருவர் செய்ததும் சரியாகவே இருக்கக்கூடுமோ, அந்த இடத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். ‘பறவை’ என்பது ‘பரவை’ என்று தட்டச்சாகியிருந்தால் திருத்துங்கள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ‘வந்துவிட்டான்’ என்பதைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இப்படிப் பிரித்துப் பார்த்தால், உங்கள் தொகுப்பைப் பொறுத்தவரை நான்கைந்து இடங்கள்தாம் மிஞ்சும்.

அவற்றில் முதலாவது, நீங்கள் எழுதிய ‘திருத்தி’ என்ற சொல்லே. நம் பதிப்புலகில் மெய்ப்புப் பார்ப்பது என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. தட்டச்சுப் பிழையை நீக்குவது ஒன்று. ஒற்றும் சொற்பிரிப்பும் சீராக்குவது ஒன்று. வாக்கியத்தைச் செப்பனிடுவது வேறொன்று. ஆண்டு, ஊர், பெயர் ஆகியவற்றைச் சரிபார்ப்பது இன்னொன்று. உங்கள் பழைய திருத்துநர் முதல் இரண்டை மட்டும் செய்து, மூன்றாவதைத் தொடாமல், நான்காவதில் ஐயம் இருந்தால் ஓரத்தில் கேள்வி எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன், ஏனெனில் புனைகதைக்கு நல்ல திருத்துநர்கள் அப்படித்தான் செய்வார்கள். மதுரைக்காரர் மூன்றாவதையும் தம் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத் தமிழில் எழுதப்பட்ட கதைகளில் இந்த எல்லை மங்கினால் ஏற்படும் சேதம் பெரிது. ‘அவர் நேற்று வந்தவர்’ என்று ஒரு பாத்திரம் சொன்னால், யாழ்ப்பாணத்தில் அது ‘அவர் நேற்று வந்தார்’ என்ற முழு வாக்கியம். மதுரையிலோ சென்னையிலோ இருந்து படிப்பவருக்கு ‘வந்தவர்’ என்பது வினையாலணையும் பெயராகத்தான் தெரியும். ‘நேற்று வந்தவர் என்ன செய்தார்?’ என்று தேடிவிட்டு, வாக்கியம் முடியவில்லை என்று கருதி ‘வந்தார்’ என்று மாற்றுவார். இலக்கணப்படி அவர் செய்ததில் குற்றம் காண முடியாது, ஆனால் பேசும் ஆளின் குரல் அந்த இடத்தில் போய்விட்டது. இப்படிப்பட்ட மாற்றங்கள் உங்கள் கோப்பில் பக்கத்துக்கு நான்கைந்து இருக்கக்கூடும், தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தவறாகத் தோன்றாது என்பதால்தான் நடை மாறிவிட்டது என்று பொதுவாக மட்டுமே உங்களால் சொல்ல முடிகிறது.

இதே வகையில் அயற்சொற்களின் எழுத்தும் வரும். ஆங்கிலத்தில் ‘ட்’ என்று நாம் கேட்கும் ஒலியை யாழ்ப்பாண எழுத்து வழக்கு பல இடங்களில் ரகர றகரங்களால் எழுதும். அவர்களுடைய உச்சரிப்பில் றகரத்துக்கு அந்த ஒலி இருப்பதால் இது அவர்களுக்கு இயல்பானது. ஆகவே எழுத்தாளர் தாம் வாழும் நகரை ‘ரொறன்ரோ’ என்று எழுதியிருப்பார். தமிழ்நாட்டில் அதை ‘டொரொன்டோ’ என்று எழுதுவோம். ‘அவுஸ்திரேலியா’, ‘ஆஸ்திரேலியா’ என்ற இரண்டும் அப்படித்தான். எந்த வடிவத்தை வைத்துக்கொள்வது என்பது பதிப்பகம் எடுக்க வேண்டிய முடிவு. என் கருத்தைக் கேட்டால், புனைகதையில் எழுத்தாளரின் வடிவமே இருக்க வேண்டும், ஆனால் நூல் முழுவதும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். ‘ரொறன்ரோ’ என்று பத்து இடத்திலும் ‘ரொறொன்ரோ’ என்று மூன்று இடத்திலும் இருந்தால், அந்த மூன்றை மாற்றலாம். இந்தப் பாதியைச் சொல்லாமல் ‘எழுத்தாளர் எழுதியபடி விடவும்’ என்று மட்டும் எழுதினால், கடமை உணர்ச்சியுள்ள திருத்துநர் அந்தக் குழப்பத்தையும் அப்படியே விட்டுவிடுவார்.

அடுத்தது ஒற்று. ‘வேலை கொடு’ என்றால் பணி கொடு. ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருக்கும் வேலைக் கொடு. இப்படிப் பொருள் மாறும் இடத்தில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இராது, எனவே அதை எழுத வேண்டாம். வேறுபாடு வருவது பெயர்களில். ‘தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம்’ என்ற பெயரில் உள்ள ‘தமிழ்நாடு’ என்பதை இலக்கணம் பார்த்து ‘தமிழ்நாட்டுப்’ என்று மாற்றக் கை துடிக்கும் திருத்துநர்கள் உண்டு. நிறுவனங்களின் பெயரை அவை தம்மை எழுதிக்கொள்வதுபோலவே விட வேண்டும் என்பது நான் அறிந்த பதிப்பாசிரியர்கள் பலரின் வழக்கம், ஆனால் அதை யாரும் தாளில் எழுதி வைத்துப் பார்த்ததில்லை. உரையாடலுக்குள் ஒற்று இடுவதா என்பதும் அப்படியே. ‘கடைக்கு போட்டு வாறன்’ என்று ஒருவர் பேசுவதைப் பதிவு செய்யும்போது ‘கடைக்குப் போட்டு’ என்று எழுதுவதா, வேண்டாமா? இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. பேச்சானாலும் படிப்பவர் கண்ணுக்கு இடறக் கூடாது என்று கருதி நான் ஒற்று இடச் சொல்வேன். நீங்கள் வேறு முடிவு எடுக்கலாம், ஆனால் எடுத்ததைச் சொல்ல வேண்டும்.

சொற்பிரிப்பில் இன்னும் அதிகம் தடுமாற்றம் இருக்கிறது. ‘எழுதிக்கொண்டிருந்தாள்’ என்பதை ஒரே சொல்லாக எழுதுவோர், ‘எழுதிக் கொண்டிருந்தாள்’ என்று பிரிப்போர், இன்னும் பிரித்து ‘எழுதிக் கொண்டு இருந்தாள்’ என்பவர் என்று மூன்று தரப்பினரும் நல்ல தமிழ் எழுதுவோரே. துணைவினையைச் சேர்த்து எழுதும் பதிப்பகங்கள் அப்படிச் செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. ‘கடிதத்தை எழுதிவைத்தான்’ என்றால் பின்னால் உதவும் என்று முன்கூட்டியே எழுதினான் என்ற பொருள். ‘கடிதத்தை எழுதி வைத்தான்’ என்றால் எழுதி, பிறகு ஓரிடத்தில் வைத்தான் என்றும் படிக்கலாம். இந்தக் காரணத்தையும் ஒரு வரியில் கடிதத்தில் சேர்த்தால், நீங்கள் எடுத்துக்காட்டாகக் கொடுக்காத சொற்களுக்கும் அவர் அதே விதியைத் தாமே நீட்டிக்கொள்வார். காரணம் இல்லாமல் எடுத்துக்காட்டு மட்டும் கொடுத்தால், அவர் அந்தச் சொல்லை மட்டும் சேர்த்துவிட்டு மற்றவற்றைத் தம் பழக்கப்படி பிரிப்பார்.

வழக்கத்தைச் சொல்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. நான் ஒருமுறை திருத்துநர் ஒருவருக்கு ‘நாங்கள் கோயில் என்றுதான் எழுதுவோம், கோவில் என்று எழுதுவதில்லை’ என்று எழுதி அனுப்பினேன். அவர் உழைப்பாளி, கோப்பு முழுவதும் `Find and Replace` கொடுத்து மாற்றி அனுப்பினார். தென்மாவட்டங்களைப் பற்றிய அந்த நூலில் கோவில்பட்டி ‘கோயில்பட்டி’ ஆயிற்று, நாகர்கோவில் ‘நாகர்கோயில்’ ஆயிற்று. ஊர்ப்பெயரை யாரும் மாற்ற மாட்டார்கள் என்று எனக்குள் இருந்த எண்ணத்தை நான் எழுதவில்லை. அன்றிலிருந்து, எந்த விதியை எழுதினாலும் அது செல்லாத ஓர் இடத்தையும் கூடவே எழுதுகிறேன். விதியைவிட அந்த விலக்குதான் உள்ளே இருப்பவர்களுக்கு மிகப் பழகிப்போய், சொல்ல வேண்டும் என்றே தோன்றாத பகுதி.

இனி, ‘வழக்கமான வடிவில் அனுப்பவும்’ என்ற இரண்டாம் பாதி. இதில் வடிவம் என்று நீங்கள் கருதியது, வேர்டு கோப்பில் மாற்றங்கள் நிறமிட்டுத் தெரியும்படி, ஓரத்தில் கேள்விகளுடன் திரும்ப வேண்டும் என்பதாக இருக்கலாம். அவர் கருதியது, உடனே பக்க வடிவமைப்பாளரிடம் கொடுக்கக்கூடிய தூய கோப்பு. சில அச்சகங்கள் அப்படித்தான் கேட்கும். வேர்டில் `Review` என்ற பகுதிக்குள் இருக்கும் `Track Changes` என்பதைத் தொடங்கிவிட்டு வேலை செய்ய வேண்டும் என்ற ஒரே வரி இதற்குப் போதும். தாளில் திருத்திப் பழகிய மூத்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம்; அப்படியானால் அச்செடுத்து அனுப்பி, தாளிலேயே குறிக்கச் சொல்வது நல்லது.

உங்கள் எழுத்தாளர் இலங்கையிலிருந்து சென்றவர் என்பதால் எழுத்துருவையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அங்கும் அங்கிருந்து புலம்பெயர்ந்தோரிடையிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யும் பழக்கம் நீண்ட காலம் இருந்தது. அந்த எழுத்துருவில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது கோப்புக்குள் `mk;kh` என்ற ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றும்போது, எழுத்தாளர் கதைக்குள் உண்மையிலேயே ஆங்கிலத்தில் எழுதிய சொற்களையும் மாற்றும் செயலி தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும். `email` என்ற சொல் ‘நஅயடை’ என்று வந்து நிற்பதை இலங்கைக் கோப்புகளைக் கையாண்டவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். கோப்பை அனுப்புமுன் மாற்றியது நீங்களா, மாற்ற வேண்டியவர் அவரா என்பதைச் சொல்லாவிட்டால், இப்படிப்பட்ட பொருளற்ற சொல்லைக் கண்ட திருத்துநர் அதை எழுத்தாளரின் பிழை என்று கருதி நீக்கிவிடக்கூடும், அல்லது ஊகித்து வேறு சொல்லை வைத்துவிடக்கூடும். மாற்றும் வேலையைப் பதிப்பகம் தன்னிடமே வைத்துக்கொள்வது நல்லது. மூலம் உங்களிடம் இருக்கும்போது, அந்த இடத்தில் என்ன இருந்தது என்று பார்க்க உங்களால்தான் முடியும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘எங்கள் வழக்கம் என்னவென்று நாங்களே எப்படித் தெரிந்துகொள்வது?’ என்று நீங்கள் கேட்கலாம். உட்கார்ந்து நினைவுபடுத்திப் பட்டியல் எழுத முயலாதீர்கள். நினைவுக்கு வருபவை எல்லாம் பள்ளியில் படித்த சந்தி விதிகளாகவே இருக்கும். இப்போது கையில் இருக்கும் மதுரைக் கோப்புதான் இதற்குச் சிறந்த கருவி. அதில் இருபது பக்கத்தை எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டு, எந்தெந்த மாற்றத்தைக் கண்டதும் ‘இது நம் வழக்கம் இல்லை’ என்று தோன்றுகிறதோ, அதன் பக்கத்தில் ஒரு கோடு இடுங்கள். கோடு விழுந்த இடமெல்லாம் நீங்கள் எழுதாமல் விட்ட விதிகள். பெரும்பாலும் ஆறேழு வகைக்குள் அடங்கிவிடும். பிறகு உங்கள் கடைசி மூன்று நூல்களில் அந்த ஆறேழும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். நீங்கள் வழக்கம் என்று நம்பிய ஒன்று ஒரு நூலில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் இருக்கும். அப்படியானால் அங்கே வழக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை, பழைய பெரியவர் அந்தந்த நூலுக்கு ஏற்பத் தாமே முடிவு செய்திருக்கிறார். அதை இப்போது நீங்கள் மூவரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். புதியவர் செய்த பிழையாக அதைக் கருத முடியாது.

ஒரு பழைய நூலை மாதிரியாக அனுப்பிவைத்து, ‘இதுபோல் செய்யவும்’ என்று எழுதுவதைப் பலர் சுருக்குவழியாகக் கருதுகிறார்கள். அதுவும் ‘வழக்கப்படி’ என்பதன் மறுவடிவமே. இருநூறு பக்க நூலில் எதைப் பார்க்க வேண்டும் என்று படிப்பவருக்குத் தெரியாது. கட்டுரை நூலை மாதிரியாக அனுப்பினால், அதில் உள்ள எழுத்து வழக்கு நடையையும் அவர் பின்பற்றத் தொடங்குவார். அனுப்பத்தான் வேண்டும் என்றால், ‘உரையாடல் அமைப்புக்கு 34, 35ஆம் பக்கங்களைப் பாருங்கள், நடைக்கு இதை மாதிரியாகக் கொள்ள வேண்டாம்’ என்று பக்க எண்ணோடு எழுதுங்கள்.

உங்கள் தொகுப்புக்கே நான் கடிதம் எழுதுவதாக இருந்தால் ஏறத்தாழ இப்படி எழுதியிருப்பேன்:

‘ஐயா, வணக்கம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்பை இத்துடன் அனுப்பியுள்ளோம். இதில் தாங்கள் திருத்த வேண்டியவை தட்டச்சுப் பிழை, ஒற்று, சொற்பிரிப்பு ஆகிய மூன்று மட்டுமே. வாக்கிய அமைப்பையும் சொல்லையும் மாற்ற வேண்டாம். வாக்கியம் பிழையாகத் தோன்றினால் ஓரத்தில் கேள்வியாகக் குறியுங்கள், எழுத்தாளரிடம் கேட்டுக்கொள்கிறோம். கதைகள் யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் இருப்பதால், நமக்குப் பழக்கமில்லாத வினைமுற்றுகள் வரும் (“அவர் நேற்று வந்தவர்” என்றால் வந்தார் என்று பொருள்). அவை அப்படியே இருக்கட்டும். அயல்நாட்டுப் பெயர்களை எழுத்தாளர் எழுதியபடியே விடுங்கள் (ரொறன்ரோ, அவுஸ்திரேலியா); ஒரே பெயர் இரண்டு விதமாக வந்தால் மிகுதியாக வரும் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். துணைவினைகளை முன்சொல்லோடு சேர்த்து எழுதுகிறோம் (எழுதிக்கொண்டிருந்தாள், வந்துவிட்டான்), பிரித்தால் இரண்டு செயல் என்று பொருள் தரக்கூடும் என்பதால். உண்மையிலேயே இரண்டு செயலாக இருக்கும் இடத்தில் பிரிந்தே இருக்கட்டும். உரையாடலிலும் ஒற்று இடுங்கள். மேலே சொன்ன அயல்நாட்டுப் பெயர்களைத் தவிர, ஊர், நிறுவனம், ஆட்களின் பெயர்களில் ஒற்றையோ எழுத்தையோ மாற்ற வேண்டாம். கோப்பு பாமினியிலிருந்து யூனிகோடுக்கு எங்களால் மாற்றப்பட்டது. பொருளற்ற சொல் தென்பட்டால் அது மாற்றத்தில் நேர்ந்த பிழையாக இருக்கலாம், திருத்தாமல் மஞ்சள் நிறமிட்டு விடுங்கள். `Track Changes` தொடங்கிவிட்டு வேலை செய்து, அதே வேர்டு கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். இங்கே சொல்லாத எதிலாவது ஐயம் வந்தால், எழுத்தாளர் எழுதியதை விட்டுவிட்டு ஓரத்தில் குறியுங்கள். முதல் பத்துப் பக்கத்தை முடித்ததும் அனுப்பினால், பார்த்துவிட்டு இரண்டு நாளில் பதில் சொல்கிறோம். அதன் பிறகு மீதியைத் தொடரலாம்.’

இந்தக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். இதில் மிக அதிகமாக உழைக்கும் வாக்கியம், ‘இங்கே சொல்லாத எதிலாவது ஐயம் வந்தால்’ என்று தொடங்குவது. எவ்வளவு யோசித்தாலும் எல்லாச் சூழலையும் முன்கூட்டி எழுத முடியாது. முன்கூட்டி எழுதாத இடத்தில் அவர் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை மட்டும் எழுதிவிட முடியும். புனைகதைக்கு எழுத்தாளர் பக்கம் சாய்வது சரி. அதே பதிப்பகம் ஒரு மருத்துவக் கையேட்டைக் கொடுக்கும்போது, மருந்தின் அளவிலோ பெயரிலோ ஐயம் வந்தால் அந்தப் பத்தியோடு நிறுத்திவிட்டு உடனே தொலைபேசியில் கேட்கச் சொல்ல வேண்டும். சாய வேண்டிய பக்கம் நூலுக்கு நூல் மாறும் என்பதால், இந்த வாக்கியத்தை ஒரு முறை எழுதி எல்லாருக்கும் ஒட்டி அனுப்ப முடியாது.

முதல் பத்துப் பக்கம் வந்ததும் பார்க்க வேண்டியது, எத்தனை பிழை திருத்தியிருக்கிறார் என்பதைவிட, ஓரத்தில் என்ன கேட்டிருக்கிறார் என்பதை. யாழ்ப்பாணத் தமிழ்க் கதையில் பத்துப் பக்கம் பார்த்த வெளியூர்க்காரர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றால் எனக்குக் கவலை வரும். ஒன்று அவர் கடிதத்தைப் படிக்கவில்லை, இல்லையேல் ஐயம் வந்த இடங்களைத் தாமே தீர்த்துக்கொண்டார். அப்போது மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மாறாகக் கேள்விகள் நிறைய வந்து, அவற்றில் பாதிக்கு மேல் ஒரே வகையாக இருந்தால், உங்கள் கடிதத்தில் ஒரு விதி விடுபட்டிருக்கிறது. அதைக் கடிதத்திலேயே சேர்த்துப் புதிய படியை அவருக்கு அனுப்புங்கள். பதிலைத் தொலைபேசியில் மட்டும் சொன்னால், மறுபடியும் அது ஒருவர் நினைவில் தங்கும் வழக்கமாகிவிடும், அடுத்த திருத்துநருக்குப் போய்ச் சேராது.

கடைசியாக, இப்போது உங்கள் கையில் உள்ள கோப்பைப் பற்றி. அதைக் கைவிட வேண்டியதில்லை. அவர் திருத்திய நல்ல பிழைகளும் அதில் இருக்கின்றன. வேர்டில் `Review` பகுதியில் `Compare` என்று இருக்கும். மூலக் கோப்பையும் திருத்திய கோப்பையும் அதில் கொடுத்தால், மாற்றங்கள் அனைத்தும் அவர் குறித்தே அனுப்பியதுபோலத் தெரியும். பிறகு ஒவ்வொன்றையும் ஏற்கலாம், தள்ளலாம். மூலம் பாமினியிலும் திருத்தியது யூனிகோடிலும் இருந்தால் எல்லாச் சொல்லும் மாறியதாகவே காட்டும் என்பதால், மூலத்தை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்படி மாற்றிய பிறகும் ‘கொ’, ‘போ’ போன்ற எழுத்துகள் வரும் சொற்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் வேறுபட்டதாகக் காட்டினால், மாற்றும் செயலி அந்த உயிர்க்குறியை ஒரே குறியீடாக எழுதாமல், கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கலாம். பிரிந்திருப்பவற்றை ஒரே குறியீட்டுக்கு மாற்றிவிட்டு மீண்டும் ஒப்பிடுங்கள்.

அந்த ஒப்பீட்டை நீங்களே செய்வதைவிட, மேலே சொன்ன கடிதத்தோடு மதுரைக்காரரிடமே அனுப்பி, வாக்கியத்தையும் அயற்பெயர்களையும் மாற்றிய இடங்களை மட்டும் மூலத்துக்குத் திருப்பச் சொல்லலாம். தமிழ் தெரிந்தவர், எல்லை தெரிந்தால் விரைவில் முடித்துவிடுவார். முதல் முறை செய்த வேலைக்குப் பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுங்கள், இந்த இரண்டாம் வேலைக்கும் தனியாகக் கொடுங்கள். கேட்டதை அவர் செய்தார். எதைக் கேட்கிறோம் என்பது கடிதத்தில் இல்லை.